நான்கு மணித்தியாலக் கூத்துக் காணொளியை அத்தியாயங்களாகப் பிரித்தல்: யூடியூப் விளக்கப் பகுதியில் நேரக்குறி இடும் முறை

முள்ளியவளைப் பக்கமாக உள்ள எங்கள் ஊரில் ஆடப்பட்ட கோவலன் கூத்தை முழுவதுமாகப் படம் பிடித்து யூடியூப்பில் ஏற்றியபோது, வேலை அத்துடன் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அடுத்த நாள் காலையிலேயே கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. "தம்பி, எங்கட மகன் கட்டியகாரனா வாற இடம் எத்தினையாவது நிமிசத்தில கிடக்கு?" என்று கேட்ட பெரியம்மாவுக்கு நான் காணொளியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து விடை சொன்னேன். ஏழாவது அழைப்புக்குப் பிறகுதான், நேரங்களை எல்லாம் ஒரு பட்டியலாகக் காணொளியின் கீழேயே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். அந்தப் பட்டியல் ஒழுங்காக வேலை செய்ய எனக்கு ஐந்து நாட்கள் பிடித்தன. முறை தெரிந்திருந்தால் இரண்டு மாலைப் பொழுதுகளில் முடிந்திருக்கும். கோயில் திருவிழா, கூத்து, பாடசாலை விழா என நீண்ட காணொளிகளை ஏற்றும் மற்றவர்களாவது அந்த அலைச்சலைத் தவிர்க்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். விளக்கப் பகுதியில் 12:30 என்று எழுதினால் அது நீல நிற இணைப்பாக மாறும். அதை அழுத்தினால் காணொளி அந்த இடத்துக்குத் தாவும். அதுவே நேரக்குறி. நேரக்குறிகளின் பட்டியல் சில நிபந்தனைகளை நிறைவு செய்தால், காணொளியின் அடியில் ஓடும் கோடு துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நீங்கள் இட்ட தலைப்புத் தோன்றும். அது அத்தியாயம். நேரக்குறி நீலமாக மாறிவிட்டது என்பதற்காக அத்தியாயம் உருவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான் முதல் இரண்டு நாட்களையும் அந்த நினைப்பிலேயே கழித்தேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நேரக்குறி இடுவதற்கோ அத்தியாயம் பிரிப்பதற்கோ கட்டணம் எதுவும் இல்லை. செலவாவது டேட்டாவும் உங்கள் நேரமும் மட்டுமே. டேட்டாவையும் பெருமளவு மிச்சம் பிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது, அந்தக் காணொளி ஏற்றப்பட்ட சேனலில் திருத்தம் செய்யும் அனுமதி. ஊரில் பல நிகழ்ச்சிகளை வீடியோக்காரர்தான் படம் பிடித்துத் தம்முடைய சேனலிலேயே ஏற்றுகிறார். அப்படியானால் நீங்கள் கருத்துப் பகுதியில் நேரங்களை எழுதலாம், அவை இணைப்பாகவும் மாறும். ஆனால் கருத்துப் பகுதியில் எழுதியவை ஒருபோதும் அத்தியாயமாக மாட்டா. பட்டியலை நீங்கள் தயாரித்து அவரிடம் கொடுத்து, விளக்கப் பகுதியில் போடச் சொல்ல வேண்டும்.

சேனல் உங்களுடையதாயின், தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். உறுதிப்படுத்தாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்றவே முடியாது. youtube.com/verify என்ற பக்கத்தில் நாட்டை இலங்கை என்று தெரிவு செய்து எண்ணைக் கொடுத்தால், குறுஞ்செய்தியில் ஓர் இலக்கம் வரும். கழகத்துக்கு ஒரு சேனல், கோயிலுக்கு ஒரு சேனல், வீட்டுக்கு ஒரு சேனல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஓர் எண்ணைக் கொண்டு இப்படி உறுதிப்படுத்தக்கூடிய சேனல்களுக்கு வரையறை இருப்பதால், எந்தச் சேனலுக்கு யாருடைய எண் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆவணம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: காட்சிகளின் ஒழுங்கு எழுதிய தாள். கூத்தாயின் அண்ணாவியாரிடம், விழாவாயின் நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் அது இருக்கும். அந்தத் தாளின் ஒளிப்படத்தை அன்றிரவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணாவியாரின் தாள் மறுநாள் யாரோ வெற்றிலை மடித்த நிலையில்தான் கிடைத்தது. நிகழ்ச்சிகள் தாளில் உள்ள ஒழுங்கில்தான் நடந்திருக்கும் என்று நம்பிவிடாமல், காட்சிப் பெயர்களைச் சரியான எழுத்துக்களில் எழுதுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

2. வெட்டும் வேலையை முதலில் முடியுங்கள்

நான் செய்த மிகப் பெரிய பிழை இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பதிவின் நீளம் 4 மணித்தியாலம் 3 நிமிடம் 10 விநாடி. முதல் 6 நிமிடம் 40 விநாடிக்கு ஒலிபெருக்கிக்காரரின் "ஹலோ, மைக் டெஸ்ட்" மட்டுமே இருந்தது. நடுவில் தேநீர் இடைவேளையில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டுப் போட்டிருந்தார்கள். கமரா ஓடிக்கொண்டிருந்ததால் அதுவும் முழுமையாகப் பதிவாகிவிட்டது. நான் காணொளியை அப்படியே ஏற்றி, நேரங்களைக் குறித்து, பட்டியலையும் எழுதி முடித்தேன். பிறகுதான் அந்தப் பாட்டுக்குப் பதிப்புரிமைக் கோரிக்கை வந்திருப்பதைக் கண்டேன். பாட்டு வந்த இடத்தை வெட்டினேன், வெட்டுகிற வேளையில் முன்பக்கத்து மைக் டெஸ்ட்டையும் வெட்டினேன். பட்டியலில் இருந்த எந்த நேரமும் அதன் பிறகு சரியாக இருக்கவில்லை. காணொளியை வெட்டினால் யூடியூப் உங்கள் விளக்கப் பகுதியில் உள்ள நேரங்களைத் தானாக மாற்றித் தராது. அதன் கண்ணுக்கு அவை நீங்கள் எழுதிய வெறும் எழுத்துக்கள்.

ஆகவே காணொளியை ஏற்றியதும் நேரம் குறிக்க ஓட வேண்டாம். studio.youtube.com என்ற முகவரியில் உள்ள யூடியூப் ஸ்டூடியோவில் Content என்ற பட்டியலைத் திறந்து, உங்கள் காணொளிக்கு நேரே Copyright என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தீர்க்கும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டு வந்த பகுதியை வெட்டி எறிவது ஒரு வழி. பாட்டின் ஒலியை மட்டும் நிறுத்துவது இன்னொரு வழி. பாட்டுக்குப் பதிலாக வேறொரு பாட்டை வைப்பது மூன்றாவது வழி. முதல் வழியில் காணொளியின் நீளம் குறைவதால், அதற்குப் பின்வரும் எல்லா நேரங்களும் நகரும். மற்ற இரண்டிலும் நீளம் மாறாது, நேரங்களும் அப்படியே நிற்கும். பட்டியலை ஏற்கெனவே எழுதி முடித்தவர்கள் ஒலியை நிறுத்தும் வழியைத் தெரிவு செய்தால் திரும்ப ஒருமுறை கணக்குப் பார்க்கும் வேலை இருக்காது.

வெட்டுவதற்கு ஸ்டூடியோவின் இடப்பக்கத்தில் உள்ள Editor என்ற பகுதியைப் பயன்படுத்தலாம். சேமித்த பின், மாற்றம் நடைமுறைக்கு வருவதற்குப் பல மணித்தியாலங்கள் ஆகக்கூடும். அதுவரை பார்ப்பவர்களுக்குப் பழைய காணொளியே தெரியும். நான் இரவு ஒன்பது மணிக்குச் சேமித்தேன், காலையில் எழுந்து பார்த்தபோதுதான் புதியது வந்திருந்தது. அந்த இடைவேளையில் நேரம் சரிபார்த்தால் பழைய காணொளியைத்தான் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெட்டு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை அறியக் காணொளியின் மொத்த நீளத்தைப் பாருங்கள். எங்களுடையதில் 6:40, 3:25 ஆகிய இரண்டு துண்டுகளும் போக 3:53:05 என்று வர வேண்டும். அந்த எண்ணைக் கண்ட பிறகே அடுத்த வேலையைத் தொட்டேன்.

கணினியில் வெட்டித் திருத்தி மீண்டும் ஏற்றிவிடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். ஏற்றிய காணொளியின் இடத்தில் வேறு கோப்பை வைக்க யூடியூப் அனுமதிப்பதில்லை. மீண்டும் ஏற்றினால் அது புதிய முகவரியுடன் வேறொரு காணொளியாகிவிடும். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பிய பழைய இணைப்புகள் வீணாகும்.

3. நேரங்களைக் குறித்தல்

காணொளியை யூடியூப்பில் ஓடவிட்டு நேரம் குறிக்க வேண்டியதில்லை. உயர்ந்த தரத்தில் நான்கு மணித்தியாலம் ஓடினால் பல கிகாபைற்று டேட்டா போய்விடும். நீங்கள் ஏற்றிய கோப்பு கணினியில் இருக்குமானால் அதையே விஎல்சி போன்ற இயக்கியில் திறந்து குறியுங்கள். ஏற்றிய அதே கோப்பாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கமரா பதிவைப் பல கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தால், அவற்றை ஒன்றாக இணைத்த பின் உருவான கோப்பிலேயே குறிக்க வேண்டும். கோப்பு உங்களிடம் இல்லாவிட்டால் யூடியூப்பில் தரத்தை 144p ஆகக் குறைத்து ஓடவிடுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தாலும் நேரம் ஒரு விநாடிகூட மாறாது. மத்தளச் சத்தத்தைக் கேட்டே வரவு எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். ஒரு பாத்திரத்தின் வரவு தொடங்குவதாகத் தோன்றியதும் நிறுத்தி, சாதாரண வேகத்தில் சற்றுப் பின்னே போய்ச் சரியான இடத்தைப் பிடியுங்கள். யூடியூப்பில் J என்ற விசை பத்து விநாடி பின்னும், L பத்து விநாடி முன்னும் கொண்டுசெல்லும்; K நிறுத்தும். வரவுப் பாட்டின் முதல் மத்தள அடிக்கு இரண்டு விநாடி முன்னதாகக் குறிப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். சரியாக அடியிலேயே குறித்தால், இணையம் மெதுவாக உள்ளவர்களுக்குக் காணொளி ஏற்றமாகித் தொடங்கும்போது முதல் அடி கேட்காமலே போய்விடுகிறது.

எல்லாப் பாட்டையும் குறிக்க ஆசை வரும். முதலில் நான் 31 குறிகள் இட்டேன். கைத்தொலைபேசியில் கோடு சீப்பின் பல்லைப் போலத் தெரிந்ததே தவிர, விரலால் ஒன்றைத் தொட முடியவில்லை. பாத்திரம் மாறும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு 18 ஆகக் குறைத்த பிறகுதான் அது பயன்படத் தொடங்கியது.

குறித்த நேரங்களை விரிதாளில் எழுதுங்கள், தாளில் வேண்டாம். இரண்டு நிரல்கள் போதும்: முதலாவதில் நேரம், இரண்டாவதில் தலைப்பு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விரிதாளில் 18:25 என்று எழுதினால், அது 18 மணி 25 நிமிடம் என்று, அதாவது மாலை ஆறரை மணிக்குக் கிட்ட என்று எடுத்துக்கொள்ளும். 18 நிமிடம் 25 விநாடியை 0:18:25 என்றே எழுத வேண்டும்.

4. வெட்டிய நேரத்தைக் கழித்தல்

என்னைப் போல வெட்டுவதற்கு முன்னரே நேரம் குறித்துவிட்டவர்களும், கணினியில் உள்ள வெட்டாத கோப்பில் குறித்தவர்களும் காணொளியை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. கழித்தல் தெரிந்தால் போதும்.

எங்கள் காணொளியில் முதல் வெட்டு தொடக்கத்தில் 6:40. இரண்டாவது வெட்டு பழைய நேரப்படி 2:15:00 முதல் 2:18:25 வரை, அதாவது 3:25. ஆகவே பழைய நேரத்தில் 2:15:00க்கு முன் வரும் எல்லாவற்றிலும் 6:40ஐக் கழிக்க வேண்டும். 2:18:25க்குப் பின் வருபவற்றில் இரண்டு வெட்டையும் கூட்டி 10:05ஐக் கழிக்க வேண்டும். கட்டியகாரன் வரவு பழைய காணொளியில் 0:18:25. 6:40 போக 11:45. பொற்கொல்லன் வரவு பழையதில் 2:52:20. 10:05 போக 2:42:15.

விரிதாளில் இடைவேளைக்கு முந்திய வரிகளுக்கு இந்தச் சூத்திரத்தை மூன்றாவது நிரலில் இடுங்கள். A என்பது நேரம், B என்பது தலைப்பு.

```
=TEXT(A3-TIME(0,6,40),"h:mm:ss")&" "&B3
```

இடைவேளைக்குப் பிந்திய வரிகளில் கழிக்கும் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும்.

```
=TEXT(A7-TIME(0,10,5),"h:mm:ss")&" "&B7
```

முதல் வரியைச் சூத்திரத்திடம் விடாமல் 0:00 என்று கையாலேயே எழுதிவிடுங்கள். மற்ற வரிகளில் 0:11:45 என்று வருவதில் முன்னுள்ள பூச்சியத்தை நான் அழகுக்காக அழித்துவிட்டேன்.

5. பட்டியலின் வடிவம்

எங்கள் பட்டியலிலிருந்து சில வரிகள் இவை.

```
0:00 காப்புப் பாடல்
11:45 கட்டியகாரன் வரவு
34:30 கோவலன் கண்ணகி திருமணம்
1:15:25 மாதவி வரவு
2:21:45 சிலம்பு விற்கப் போதல்
2:42:15 பொற்கொல்லன் வரவு
3:09:55 பாண்டியன் சபை
3:46:10 மங்களம்
```

இப்பட்டியல் அத்தியாயமாக மாறுவதற்கு யூடியூப் கேட்பவை நான்கு. முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் இருக்க வேண்டும். அவை சிறியதிலிருந்து பெரியதாக ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் குறைந்தது 10 விநாடி நீண்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அத்தியாயங்கள் தோன்றமாட்டா. எந்த வரி பிழை என்று யூடியூப் உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. நீல இணைப்புகள் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். அதனால்தான் பிழை எங்கே என்று பிடிபடாமல் நான் திண்டாடினேன்.

என்னுடைய முதல் பட்டியலில் நீல இணைப்புக்கூட வரவில்லை. காரணம் சிரிப்புக்குரியது. பள்ளிக்கூடத்தில் பழகியபடி, கலியாண அட்டையில் அச்சடிக்கும் வழக்கப்படி, நேரத்தைப் புள்ளி வைத்து 18.25 என்று எழுதியிருந்தேன். யூடியூப்புக்குப் புள்ளி நேரமல்ல. இரட்டைப் புள்ளியாகிய : என்பதையே வைக்க வேண்டும். வைத்ததும் எல்லாம் நீலமாகின. அப்போதும் அத்தியாயம் வரவில்லை. முதல் வரி 0:00 என்று இல்லாமல் "6:40 காப்பு" என்று தொடங்கியதே அந்த முறை தடையாக இருந்தது. கூத்து தொடங்குவது 6:40இல்தானே என்று நியாயம் பேசிப் பயனில்லை. தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் "0:00 ஆயத்தம்" என்றாவது ஒரு வரி வேண்டும்.

புள்ளி உதவும் இடமும் ஒன்று உண்டு. விளக்கப் பகுதியின் மேலே "கூத்து இரவு 8:30 மணிக்கு ஆரம்பமானது" என்று எழுதினால், காணொளி எட்டரை நிமிடத்துக்கு மேல் நீண்டதாக இருப்பதால் யூடியூப் அந்த 8:30ஐயும் ஒரு நேரக்குறியாகக் கருதி இணைப்பாக்கிவிடும். அது பட்டியலின் 0:00க்கு முன்னால் வந்து ஒழுங்கைக் குழப்பக்கூடும். இப்படிப்பட்ட கடிகார நேரங்களை 8.30 என்று புள்ளி வைத்தோ "இரவு எட்டரை" என்றோ எழுதிவிடுங்கள்.

தலைப்புகளைப் பற்றி ஒரு சொல். "கோவலன் கூத்து பகுதி ஏழு: மாதவி வரவு" என்று எழுதினால், கைத்தொலைபேசியின் சிறிய இடத்தில் எல்லா வரியும் "கோவலன் கூத்து பகு…" என்று வெட்டுப்பட்டு ஒரே மாதிரித் தெரியும். ஒவ்வொரு வரியையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் சொல்லையே முதலில் வையுங்கள், இரண்டு மூன்று சொற்களுக்குள் முடியுங்கள். ஒரே பாத்திரத்தை இருவர் ஆடியிருந்தால் "முற்கோவலன் வரவு", "பிற்கோவலன் வரவு" என்பது போதும். ஆடியவர்களின் பெயரைத் தலைப்பில் சேர்க்கும்படி பலர் கேட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் ஆடியிருந்ததால் பெற்றோரின் சம்மதமில்லாமல் பெயர் போடுவதில்லை என்று நான் தவிர்த்துவிட்டேன். பாத்திரத்தின் பெயர் தெரிந்தால் சொந்தக்காரர் தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

6. விளக்கப் பகுதியில் இடுதல்

கணினியில் studio.youtube.com என்ற முகவரிக்குச் சென்று, Content பட்டியலில் உங்கள் காணொளியைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே Description என்ற பெட்டி இருக்கும். விரிதாளின் மூன்றாவது நிரலைப் படியெடுத்து அதில் ஒட்டி, மேலே வலப்பக்கத்தில் உள்ள Save என்பதை அழுத்துங்கள். கைத்தொலைபேசியில் யூடியூப் ஸ்டூடியோ செயலியைத் திறந்து, காணொளியைத் தொட்டு, பென்சில் அடையாளத்தை அழுத்தினாலும் இதே பெட்டி வரும். இருப்பினும் நீண்ட பட்டியலைத் தொலைபேசியில் தட்டெழுதுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு வரிகள் ஒன்றாகிவிட்டதுகூடத் தெரியாது.

விளக்கப் பகுதிக்கு 5000 எழுத்து என்ற வரையறை உண்டு. தமிழில் "கொ" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு அது ஒன்றுக்கு மேல். ஆகவே நீங்கள் நினைத்ததைவிட விரைவில் இடம் நிரம்பும். அண்ணாவியாரின் வாழ்க்கைக் குறிப்பு, நன்றி நவிலல், அனுசரணையாளர் பட்டியல் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் நேரக்குறிகளுக்கு இடமில்லாமல் தவிக்காதிருக்க, பட்டியலை முதலில் ஒட்டி மீதியைப் பிறகு எழுதுங்கள். < > ஆகிய குறிகளை விளக்கப் பகுதி ஏற்காது. அவற்றைத் தலைப்புகளில் பயன்படுத்த வேண்டாம்.

பெட்டிக்கு வெகு கீழே Show more என்பதை அழுத்தினால் Automatic chapters என்ற தெரிவு தெரியும். அது யூடியூப் தானாகவே அத்தியாயம் பிரிப்பதற்கான அனுமதி. நீங்கள் எழுதிய பட்டியல் நிபந்தனைகளை நிறைவு செய்தால் அதுவே முன்னுரிமை பெறும். ஆனாலும் நான் அந்தத் தெரிவின் சரிக்குறியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் கோட்டில் தெரியும் அத்தியாயங்கள் என்னுடையவையா, அது பிரித்தவையா என்ற மயக்கம் எழாது.

வீடியோக்காரரிடம் பட்டியலைக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் ஒரு திருவிழாக் காணொளிக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வரியாகத் தனித்தனிச் செய்தி அனுப்பினேன். அவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து படியெடுத்தபோது, ஒவ்வொரு வரிக்கு முன்னும் செய்தி அனுப்பிய திகதியும் நேரமும் என் பெயரும் சேர்ந்து வந்தன. விளக்கப் பகுதியில் "7:42" என்று இரவு நான் அனுப்பிய நேரமே நீலமாக நின்றது. முழுப் பட்டியலையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பினால், அவர் தட்டெழுதும்போது இன்னொரு தொகுதிப் பிழைகள் சேரும்.

7. சரிபார்த்தல்

சேமித்த பின் காணொளியின் பக்கத்தைப் புதிதாகத் திறந்து பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே கோடு பிரிந்து தெரிந்தது. ஒரு தடவை மட்டும் கணினியில் தெரிந்தது, தொலைபேசியில் மறுநாள்தான் தெரிந்தது. தெரியவில்லை என்று உடனே பட்டியலைக் கலைத்து எழுதத் தொடங்காதீர்கள். முதலில் ஐந்தாம் பகுதியில் சொன்ன நான்கு நிபந்தனைகளையும் வரி வரியாகப் பாருங்கள். எல்லாம் சரியாயிருந்தும் வராவிட்டால், சேனலுக்கு ஏதாவது எச்சரிக்கைத் தண்டனை, திரையில் strike என்று காட்டப்படுவது, நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறான சேனல்களுக்கு அத்தியாயங்கள் கிடைக்காமல் போகலாம்.

கோடு பிரிந்தது போதாது, நேரம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பதினெட்டையும் அழுத்திப் பார்க்கத் தேவையில்லை. முதலில் இரண்டாவது குறியை அழுத்துங்கள், பிறகு நடுவில் வெட்டிய இடத்துக்கு அடுத்துவரும் குறியை, கடைசியாக இறுதிக் குறியை. மூன்றும் பொருந்தினால், கழித்தலில் பிழையில்லை. இரண்டாவது குறியிலேயே பாத்திரம் வந்து பாடிக்கொண்டிருந்தால், முன்பக்கத்து வெட்டைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். அது சரியாக இருந்து இடைவேளைக்குப் பிந்தியது மட்டும் மூன்று நான்கு நிமிடம் தாமதித்து வந்தால், நடுவெட்டைக் கழிக்கவில்லை. ஒரேயொரு வரி மட்டும் பிழையானால் அது தட்டெழுத்துப் பிழையாகத்தான் இருக்கும்.

8. ஒரு காட்சியை மட்டும் அனுப்புதல்

பட்டியல் இருந்தும், "அதை எங்க அமத்திறது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த இடத்திலேயே தொடங்கும் இணைப்பை அனுப்பிவிடலாம். கணினியில் காணொளியின் மேல் வலப்பக்கச் சொடுக்கைச் செய்தால் Copy video URL at current time என்று வரும். கையால் எழுதுவதானால் நேரத்தை விநாடியாக மாற்ற வேண்டும். மாதவி வரவு 1:15:25 என்பது, ஒரு மணித்தியாலத்துக்கு 3600, பதினைந்து நிமிடத்துக்கு 900, மேலே 25 ஆக மொத்தம் 4525.

```
https://youtu.be/VIDEO_ID?t=4525
```

பகிரும் பொத்தானிலிருந்து எடுத்த இணைப்பில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறியும் அதன் பின் si= என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்களும் இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது கேள்விக்குறி போடாமல், இறுதியில் &t=4525 என்று சேர்க்க வேண்டும். காணொளியைப் பின்னர் எப்போதாவது மறுபடி வெட்டினால், விளக்கப் பகுதியைத் திருத்துவதுபோல ஏற்கெனவே அனுப்பிய இந்த இணைப்புகளைத் திருத்த வழியில்லை. அவற்றைப் புதிதாக அனுப்ப வேண்டியிருக்கும். பெரியம்மாவுக்கு நான் மூன்று முறை அனுப்பினேன்.